“பாக்கறேன் சார்” என்று சொல்வதற்கு முன்

“கையில் இருப்பதற்கே நேரம் போதவில்லை, இதை இப்போது எடுக்க முடியாது” என்று மேனேஜரிடம் நேராகச் சொல்கிறவர்கள் நம் அலுவலகங்களில் குறைவு. பெரும்பாலோர் “பாக்கறேன் சார்” என்பார்கள். சொல்கிறவர் மனதில் அது பாதி மறுப்பு. கேட்கிற மேனேஜருக்கோ முழுச் சம்மதம். அவர் அந்தத் தைரியத்தில் முதலாளியிடம் “வெள்ளிக்கிழமை வந்துரும்” என்று வாக்குக் கொடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்திருக்காது. அன்றைக்கு வருவது வேலைச்சுமை பற்றிய பேச்சாக இருக்காது, “முடியாதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்ற பேச்சாகத்தான் இருக்கும். அதில் நியாயமும் இருக்கிறது.

அன்றைக்கே சொல்வது எப்படி? முறைத்துக்கொள்ளாமல், ஒத்துழைக்காதவர் என்ற பெயரும் வாங்காமல் எப்படிச் சொல்வது? இதைப் பொதுவாகப் பேசினால் உபதேசமாகிவிடும் என்பதால், ஒரே ஒரு நாற்காலியை எடுத்துக்கொள்வோம். கோவையில் மோட்டார் பம்ப்செட் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம். நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அங்கே கணக்குப் பிரிவில் ஓர் அக்கவுண்டன்ட் அம்மா. நிறுவனமும் அவரும் நான் உருவாக்கியவை. ஆனால் அவர் மேசையில் இருக்கும் வேலைகளும் தேதிகளும் எந்தக் கணக்குப் பிரிவிலும் உள்ளவைதான்.

செப்டம்பர் மாதம், 8-ம் தேதி, திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் வந்து நிற்கிறார்.

“அம்மிணி, கஸ்டமர் அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட் ஒண்ணு வேணும். யார் யார் எத்தனை நாளா பாக்கின்னு வயசு பிரிச்சு. முதலாளி கேக்கறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துருங்க. டேலில ஒரு பட்டன் தானே?”

கடைசி வாக்கியத்தில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. டேலியில் உண்மையிலேயே ஒரு பட்டன்தான். ஆனால் அது சரியான வயதைக் காட்ட வேண்டுமென்றால், வந்த ஒவ்வொரு பணமும் எந்த பில்லுக்கு வந்தது என்று அன்றன்றைக்கே குறித்திருக்க வேண்டும். அவசரத்தில் அப்படி நடக்காது. வாடிக்கையாளர் மொத்தமாக ஒரு லட்சம் போடுவார், இங்கே அதை ‘ஆன் அக்கவுண்ட்’ என்று வரவு வைத்துவிடுவார்கள். நிலுவைத் தொகை சரியாக இருக்கும், வயது தப்பாக இருக்கும். போன வாரம் பணம் கட்டியவர்கூட இரண்டு வருடப் பாக்கிக்காரராகப் பட்டியலில் வருவார். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு பார்ட்டியின் லெட்ஜரையும் திறந்து, வரவை பில்லோடு பொருத்த வேண்டும். 180 பார்ட்டிகள், ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் 12 மணி நேரம்.

மேனேஜர் மனதில் அரை மணி நேரம், அக்கவுண்டன்ட் மனதில் 12 மணி நேரம். இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லாமல் “நிறைய வேலை இருக்கு சார்” என்றால் அவருக்கு அது சாக்காகத்தான் கேட்கும். அரை மணி நேர வேலைக்கு இவ்வளவு அலுத்துக்கொள்வானேன் என்றுதான் நினைப்பார். வேலை கொடுக்கும் பெரும்பாலான மேனேஜர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாதவர்கள்.

ஆகவே உடனே சம்மதிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். “சரிங்க சார். கையில இருக்கறத ஒரு தடவை பாத்துட்டு, எப்ப முடியும்னு அரை மணி நேரத்துல வந்து சொல்றேனுங்க.” இதுபோதும். கேட்கிறவருக்கு இதில் மரியாதைக் குறைவு எதுவும் தெரியாது. ஆனால் “எப்போது” என்ற கேள்வி இன்னும் முடிவாகவில்லை என்பதையும் இந்தப் பதில் சொல்லிவிடுகிறது. அந்த அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியது, ஒரு தாளில் இந்த வாரத்தை எழுதுவது.

முதலில் கைவசம் உள்ள நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்தில் 6 நாள், மொத்தம் 48 மணி. இந்த 48-ஐ அப்படியே எழுதினால் கணக்கு முதல் வரியிலேயே தப்பாகிவிடும். பில் கேட்டு வரும் டிரைவர், “பேமெண்ட் போட்டாச்சா” என்று சப்ளையர் போன், பேங்கில் இருந்து ஒரு அழைப்பு, பெட்டி கேஷ் வவுச்சர், முதலாளிக்கு அவசரமாக ஒரு லெட்ஜர். இவையும் வேலைதான், ஆனால் எந்தப் பட்டியலிலும் வராத வேலை. இரண்டு மூன்று நாள் குறித்துப் பார்த்தால் தெரியும், ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரமாவது இதற்கே போகிறது. மீதி ஐந்தரை மணி. ஆறு நாளைக்கு 33 மணி.

அடுத்து, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகள். வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், 10-ம் தேதிக்குள், 4 மணி. ஜிஎஸ்டிஆர்-1, 11-ம் தேதிக்குள், இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் போட 9 மணி. பர்ச்சேஸ் பில் பதிவு 6 மணி. வெள்ளிக்கிழமை சப்ளையர் பேமெண்ட் 4 மணி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் 15-ம் தேதிக்குள், 3 மணி. டாக்ஸ் ஆடிட்டுக்காக ஆடிட்டர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் 5 மணி. கூட்டினால் 31. புதிய வேலை 12-ஐச் சேர்த்தால் 43. கையில் 33. பத்து மணி நேரம் துண்டு விழுகிறது.

இந்தத் தாளில் உள்ள மணிக்கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். மனதில் தோன்றுவதை எழுதக் கூடாது. தன் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மதிப்பிடுவதில் மனிதர்கள் எல்லோருமே குறைத்துத்தான் சொல்வார்கள். டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயரே வைத்தார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6 என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான நிலையை நினைத்துச் சொன்ன மதிப்பீடும் போதவில்லை. அதனால் போன மாதம் ஜிஎஸ்டிஆர்-1 போட எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்ற குறிப்புதான் நம்பத் தகுந்தது. மேசை டைரியில் ஒரு வரி குறித்து வைத்தால் போதும். அந்தக் குறிப்பு இருந்தால் “ஒன்பது மணி நேரமா?” என்று மேனேஜர் புருவம் உயர்த்தும்போது, “போன மாசமும் அதேதானுங்க ஆச்சு” என்று அமைதியாகச் சொல்லலாம்.

புதிய வேலை வருவதற்கு முன்பே, 33-க்கு 31 என்பது நிரம்பிய நிலைதான். இரண்டு மணி நேரம் சும்மா இருக்கிறதே என்று தோன்றும். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதர் 1909-ல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற கணிதப் பிரிவு தொடங்குகிறது. அதன் மிக எளிய கணக்கு இது: ஒரே ஆள், வேலைகள் முன்பின்னாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் கூடிக் குறைகிறது. அந்த ஆளின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக நான்கு வேலைக்கான நேரம் காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் என்றால் ஒன்பது வேலைக்கான நேரம். 95 என்றால் பத்தொன்பது. கடைசிப் பத்து பதினைந்து சதவீதத்தில்தான் தாமதம் எகிறுகிறது. அலுவலக மேசை இந்தச் சூத்திரத்துக்குள் அப்படியே அடங்காது என்றாலும் போக்கு இதுதான். 33-க்கு 31 என்பது 94 சதவீதம். ஜி.எஸ்.டி. போர்ட்டல் ஒரு மதியம் படுத்துவிட்டால் போதும், வாரம் முழுவதும் சரிந்துவிடும். 11-ம் தேதி அது படுக்காத மாதம் அபூர்வம் என்பார்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்கள்.

இப்போது தாளோடு மேனேஜரிடம் போகலாம். ஆனால் தாளில் இன்னும் ஒரு பத்தி எழுத வேண்டும்: எது தள்ளும், எது தள்ளாது. இதை எழுதாமல் போனால் அது வெறும் புலம்பல் பட்டியல்.

ஜிஎஸ்டிஆர்-1 தள்ளாது. தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய்தான், அதற்காக யாரும் பயப்படுவதில்லை. உண்மையான பாதிப்பு வேறு. 11-ம் தேதிக்குள் போட்டால்தான் நம் பில் 14-ம் தேதி வாடிக்கையாளரின் 2பி பட்டியலில் வரும். அதைப் பார்த்துத்தான் அவர் தன் வரியில் கழித்துக்கொள்வார். நாம் ஒரு நாள் பிந்தினால் அவருக்கு ஒரு மாதம் தள்ளிப்போகும். பெரிய பார்ட்டிகள் உடனே போன் செய்வார்கள். நேராக மேனேஜருக்கேதான்.

பி.எஃப். இன்னும் கறாரானது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கை 15-ம் தேதிக்குள் கட்டவில்லை என்றால், பிறகு வட்டியோடுதான் கட்ட வேண்டியிருக்கும். இந்த ஒரு வரியைச் சொன்னால் எந்த மேனேஜரும் பி.எஃப். வேலையில் கை வைக்க மாட்டார்.

ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டும் தள்ளாது. அதைக் கொடுக்காவிட்டால் கேஷ் கிரெடிட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்பதில் வங்கி கை வைக்கும். சப்ளையர் பேமெண்ட் வெள்ளிக்கிழமை என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பர்ச்சேஸ் பதிவு, நெருக்கடி என்றால் இரண்டு மூன்று நாள் தள்ளலாம், 20-ம் தேதி 3பி போடும்போது தேவைப்படும், அவ்வளவுதான். ஆடிட்டர் கேள்விகளுக்குக் கடைசித் தேதி இந்த வாரத்தில் இல்லை. டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்கு 30-ம் தேதிவரை நேரம் இருக்கிறது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வாரம் கொடுக்கலாம்.

இந்த விவரங்கள் மேனேஜருக்குத் தெரியாதா என்றால், தனித்தனியாகத் தெரியும். எல்லாம் ஒரே ஆளின் ஒரே வாரத்தில் வந்து விழுந்திருக்கின்றன என்பதுதான் அவருக்குத் தெரியாது. அவர் எட்டுப் பேரிடம் வேலை வாங்குகிறவர். யாருடைய மேசையில் என்ன இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அவர் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். நான்கு பேர் முன்னால் இந்தப் பேச்சை எடுத்தால், அவர் வேலையைப் பற்றி யோசிக்க மாட்டார், தன் மரியாதையைப் பற்றித்தான் யோசிப்பார். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்.

“சார், அந்த அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட் பத்திப் பேசலாங்களா? டேலில வர்ற வயசு தப்புங்க. ஆன் அக்கவுண்ட்ல போட்டதெல்லாம் பில்லுல அடிக்கணும். 180 பார்ட்டிக்கும் பாத்தா பன்னெண்டு மணி நேரம் ஆகும்ங்க.”

“பன்னெண்டா? அப்படி என்ன இருக்கு அதுல?”

“ரெண்டு லெட்ஜர் எடுத்துட்டு வந்திருக்கேன், பாருங்க சார்.” இங்கே உண்மையிலேயே இரண்டு லெட்ஜர்களைக் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் அவர் பார்த்தால், பன்னிரண்டு மணி நேரம் என்பது அவருடைய கணக்காகவும் ஆகிவிடும்.

“சரி, இப்ப என்ன பண்ணலாங்கற?”

“முதலாளி இத எதுக்குக் கேக்கறாருங்க சார்?”

இந்தப் பேச்சில் மிகப் பயன்படும் கேள்வி இதுதான். கேட்கத் தயங்குவோம், அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியுமோ என்று. ஆனால் மேலிருந்து வரும் வேலை, ஒவ்வொரு படியாக இறங்கும்போது பெருத்துக்கொண்டே வரும். முதலாளி “பெரிய பாக்கிக்காரங்க யாரு” என்று கேட்டிருப்பார். மேனேஜர் பத்திரத்துக்கு “எல்லாரோடதும்” என்று ஆக்கியிருப்பார். இங்கே நாம் கற்பனை செய்துகொண்ட அலுவலகத்தில் விஷயம் இதுதான்: அடுத்த திங்கட்கிழமை வங்கியில் லிமிட் புதுப்பிக்கும் பேச்சு. அங்கே கேட்கப்போவது முதல் இருபது பெரிய பார்ட்டிகளைப் பற்றி. மொத்தப் பாக்கியில் பெரும்பகுதி எப்போதும் இருபது முப்பது பெயர்களிடம்தான் இருக்கும்.

பெரிய பார்ட்டிகளுக்கு பில்கள் அதிகம், ஆளுக்கு ஒன்பது நிமிடம் ஆகும். இருபது பேருக்கு 3 மணி நேரம். பன்னிரண்டு மணி வேலை மூன்று மணியாகச் சுருங்கிவிட்டது. மறுப்புச் சொல்லாமலே ஒன்பது மணி நேரம் மிச்சம்.

“அப்ப அந்த இருபது பேரை மட்டும் வெள்ளிக்கிழமை காலைல குடுத்தர்றேனுங்க சார். மீதி நூத்தி அறுபதும் 3பி முடிஞ்சதும் எடுத்துக்கறேன். இந்த வாரம் இது உள்ள வரணும்னா ஆடிட்டர் கேள்விய அடுத்த வாரத்துக்குத் தள்ளணும். நீங்க சரின்னா ஆடிட்டர் ஆபீஸ்ல நானே சொல்லிக்கறேன்.”

முடிவை யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அக்கவுண்டன்ட் “இது முடியாது” என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டில் எது பின்னால் போகட்டும் என்று கேட்டு, தன் யோசனையையும் சொல்லிவிட்டு, தலையசைப்பை மேனேஜரிடம் விட்டுவிட்டார். வேலைகளின் வரிசையைத் தீர்மானிப்பது மேனேஜரின் அதிகாரம். அதை நாம் எடுத்துக்கொண்டால்தான் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உண்டு என்பது இரண்டு பேர் அதிகாரத்திலும் இல்லை.

இனி அந்த வாரக் கணக்கு: 31-லிருந்து ஆடிட்டரின் 5 போய் 26, புதிய பட்டியல் 3 சேர்ந்து 29. கையில் 33. போர்ட்டல் படுத்தாலும் தாங்க நான்கு மணி நேரம் இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரையிலான 22 மணியில் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், ஜிஎஸ்டிஆர்-1, பட்டியல், பர்ச்சேஸ் எல்லாம் அடங்கிவிடும். வெள்ளி பேமெண்ட், சனி பி.எஃப்.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டுவிடுவது நல்லது. “சார், பேசினபடி: பெரிய 20 பார்ட்டி அவுட்ஸ்டாண்டிங் வெள்ளி காலை 11 மணிக்கு. மீதி 22-ம் தேதிக்கு மேல். ஆடிட்டர் பதில் 16-ம் தேதி, அவரிடம் சொல்லிவிட்டேன்.” இதில் புகார் தொனி ஒரு துளியும் இருக்கக் கூடாது. முதலாளியையும் சேர்த்து அனுப்பவே கூடாது. அது சாட்சி வைப்பதுபோல் ஆகும், அதற்குப் பிறகு மேனேஜர் நம்மிடம் மனம்விட்டுப் பேசமாட்டார்.

எல்லா மேனேஜரும் இவ்வளவு இணக்கமாகப் போவார்களா? போகமாட்டார்கள். அடிக்கடி வரும் பதில், “எல்லாமே முக்கியம்தான், எப்படியாவது முடிங்க.” இதற்கு “எது முக்கியம்” என்று திருப்பிக் கேட்டுப் பயனில்லை, எல்லாம்தான் என்று சொல்லியாகிவிட்டதே. “முதல்ல எதைத் தொடட்டும்?” என்று கேட்கலாம். அதற்கும் பதில் வராவிட்டால், தானே ஒரு வரிசை போட்டு, “இந்த வரிசைல போறேனுங்க சார், கடைசில இருக்கறது வர்ற வாரம்தான் வரும். மாத்தணும்னா மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கலாம். பதில் சொல்லாமல் இருப்பதும் அவர் எடுத்த முடிவுதான். நாம் ஒளித்து வைத்தோம் என்று பிறகு சொல்ல முடியாது.

இன்னொரு பதில், “கொஞ்ச நேரம் சேர்த்து உக்காந்தா முடிஞ்சுராதா?” பத்து மணி நேரத் துண்டை நிரப்ப, ஐந்து நாளைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் 54-ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். 48-ம் பத்தும் 58. சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போகச் சொல்லவில்லை, போனால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். என் கவலை சட்டத்தைவிட இன்னொன்றைப் பற்றியது. ஒரு வாரம் சத்தமில்லாமல் பத்து மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால், மேலே இருப்பவருக்குப் பற்றாக்குறை தெரியவே தெரியாது. அடுத்த மாதம் அந்தப் பத்து மணி நேரமும் நம் வழக்கமான நேரத்தில் சேர்ந்துவிடும். நெருக்கடிக்கு ஒருநாள் உட்காரலாம், உட்காரவும் வேண்டும். அப்போதும் “இந்த வாரம் மட்டும் சார், புதன் வியாழன் ஏழரை வரைக்கும் இருக்கேன்” என்று நாளும் மணியும் சொல்லித்தான் உட்கார வேண்டும்.

சிறிய நிறுவனங்களில் முதலாளியே நேராக வந்து ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார். மேனேஜருக்குத் தெரியாது. இரண்டு பேர் கொடுத்த வேலையும் ஒரே மேசையில் மோதும், இரண்டு பேருமே “என் வேலை எங்கே” என்பார்கள். முதலாளியிடம் இல்லை என்று சொல்ல முடியாது. “சரிங்க ஐயா, மேனேஜர் சார்கிட்டயும் சொல்லிட்டு எடுத்துக்கறேன்” என்று சொல்லலாம். அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லி, அதே தாளில் ஒரு வரியாக ஏற்றிவிட வேண்டும். இருவருக்கும் நடுவில் ஒரே பட்டியல்தான் இருக்க வேண்டும்.

தாளோடு போகும்போது தவிர்க்க வேண்டிய இரண்டு பேச்சுகள் உண்டு. “அந்த சேல்ஸ் பொண்ணு சும்மாதானே உக்காந்திருக்கு” என்பது ஒன்று. உண்மையாகவே இருந்தாலும், சொன்ன நிமிடத்திலிருந்து பேச்சு நம் வேலையை விட்டு அந்தப் பெண்ணைப் பற்றியதாகிவிடும். இன்னொன்று வீட்டு நிலவரம்: பையனுக்குப் பரீட்சை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. எல்லாம் நிஜம், லீவு கேட்கும்போது அவசியம் சொல்ல வேண்டியவை. ஆனால் வேலை அதிகம் என்பதற்குக் காரணமாகச் சொன்னால், மேனேஜர் அனுதாபப்படுவார், தேதியை மாற்றமாட்டார். அதோடு, 43 மணி நேர வேலையை 33 மணியில் அடக்க முடியாது என்ற சாதாரணக் கணக்கு, “அவங்க வீட்ல பிரச்சினை” என்று மாறிவிடும்.

ஒத்துழைப்பு என்பதும் பேசிய பிறகுதான் தெரியும். வெள்ளி காலை 11 மணி என்று சொன்ன பட்டியல் வெள்ளி காலை 11 மணிக்கு மேனேஜர் மேசையில் இருக்க வேண்டும். புதன்கிழமையே பிந்தும் என்று தெரிந்தால் புதன்கிழமையே சொல்ல வேண்டும். இதில் ஒருமுறை தவறினால், அடுத்த மாதம் கொண்டுபோகும் தாளுக்கு மதிப்பிருக்காது. இன்னும் ஒரு படி மேலே போகலாம்: இனி வரும் பணத்தை ‘ஆன் அக்கவுண்ட்’ வைக்காமல், பில் நம்பர் கேட்டு வாங்கும்படி வசூலுக்குப் போகும் பையனிடம் சொல்லச் சொல்லலாம். மூன்று மாதத்தில் அந்த அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட் மேனேஜர் நினைத்ததுபோல ஒரு பட்டன் வேலையாகிவிடும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. வேலையில் சேர்ந்து ஒரு மாதமே ஆனவரிடம் போன மாதக் குறிப்பு இருக்காது. அவர் பக்கத்து மேசையில் இருக்கும் மூத்தவரிடம் கேட்டுத்தான் மணிக்கணக்கு எழுத வேண்டும். எந்தக் கணக்கைக் காட்டினாலும் “எதிர்த்துப் பேசறியா” என்று கேட்கிற மேனேஜரிடம் எந்தத் தாளும் செல்லாது. அங்கே வேறு வேலை தேடுவதுதான் வழி, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு மாதமும் 33-க்கு 40 என்றே வந்தால் அது வரிசைப் பிரச்சினையே அல்ல, ஆள் பற்றாக்குறை. வாரத் தாள்களை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வைத்துக்கொண்டு போய், பதிவு வேலைக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதைக் கொடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆனால் மேனேஜர் அதை முதலாளியிடம் எடுத்துப் போக அவர் கையில் ஏதாவது இருக்கும்.

மேனேஜராக இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு வேலையைக் கொடுக்கும்போது “எப்ப தருவீங்க” என்று கேட்பதற்கு முன்னால், “இப்ப கையில என்ன இருக்கு” என்று கேளுங்கள். “பாக்கறேன் சார்” என்று பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய்விடாதீர்கள். அந்தத் தாளை எழுதிக்கொண்டு வர அரை மணி நேரம் கொடுங்கள்.